விமான நிலையத்து டாலருக்கு ஏன் இவ்வளவு அகலமான இரண்டு விலை?

போனில் பார்த்தால் ஒரு டாலர் 85 ரூபாய். விமான நிலையத்தில் நாணயம் மாற்றும் கவுண்டரில் கேட்டால் 90 ரூபாய் 50 காசு என்கிறார்கள். சரி, என்னிடம் டாலர் இருக்கிறது, ரூபாய் கொடுங்கள் என்று அதே கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். 79 ரூபாய் 50 காசுதான் தருவார்கள். ஒரே கண்ணாடித் தடுப்பு, ஒரே ஆள், ஒரே நூறு டாலர் நோட்டு. நோட்டு எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பொறுத்து 11 ரூபாய் வித்தியாசம்.

இதில் எது உண்மையான விலை என்று வெளிநாடு கிளம்பும் சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்பார்கள். சென்னை மண்ணடியில் ஒரு மணி சேஞ்சர் கடையில் சில வருடங்கள் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். போனிலேயே சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். 85, 90.50, 79.50 எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள். நீங்கள் படிக்கும் நாளில் டாலர் வேறு இடத்தில் இருக்கும். கணக்கின் போக்கு மாறாது.

முதலில் அந்த 85-ஐப் பார்ப்போம். அந்த விலைக்கு யாரும் டாலர் விற்பதில்லை, யாரும் வாங்குவதும் இல்லை. அது இரண்டு விலைகளுக்கு நடுவில் இருக்கும் ஒரு புள்ளி, அவ்வளவுதான். வங்கிகள் தங்களுக்குள் டாலர் வாங்கி விற்கும் சந்தையில் ஒரு வங்கி இன்னொரு வங்கியிடம் விலை கேட்டால், எப்போதும் ஜோடியாகத்தான் பதில் வரும்: இந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறேன், இந்த விலைக்கு விற்கிறேன். கேட்டவர் வாங்க வந்தாரா விற்க வந்தாரா என்று சொல்லாமலே இரண்டு விலையும் சொல்லப்படும். 84.9975-க்கு வாங்குகிறேன், 85.0025-க்கு விற்கிறேன் என்பது அமைதியான ஒரு நாளில் வரக்கூடிய பதில். இரண்டுக்கும் நடுவே அரைக் காசு. ரூபாய்-டாலர் சந்தையில் விலை நகர்வதே கால் காசுப் படிகளில்தான். இந்த இடைவெளியைத்தான் ஸ்ப்ரெட் என்கிறார்கள். போனில் உங்களுக்குத் தெரிவது அநேகமாக இந்த ஜோடியின் நடுப்புள்ளி.

இங்கே பலர் குழம்பும் ஒரு இடம் உண்டு. பலகையில் இருக்கும் வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டும் கடைக்காரர் பக்கத்திலிருந்து சொல்லப்படுபவை. வாங்கும் விலை என்றால் அவர் உங்களிடமிருந்து டாலரை வாங்கும் விலை, அதாவது உங்கள் கைக்கு வரும் ரூபாய். விற்கும் விலை என்றால் நீங்கள் கொடுக்க வேண்டிய ரூபாய். வாங்கும் விலை எப்போதும் குறைவாகவும் விற்கும் விலை எப்போதும் அதிகமாகவும் இருக்கும். எந்தப் பத்தி எது என்று சந்தேகம் வந்தால், உங்களுக்குப் பாதகமாக இருப்பதுதான் உங்களுக்கான பத்தி.

இந்த இடைவெளி ஏன் இருக்கவே வேண்டும்? ஹெரால்ட் டெம்செட்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1968-இல் பங்குச் சந்தையை வைத்து இதற்கு ஒரு விளக்கம் தந்தார். வாங்க வருபவரும் விற்க வருபவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. ஒருவர் காலையில் வருவார், மற்றவர் மாலையில் வருவார். நடுவில் ஒருவர் எப்போதும் தயாராக உட்கார்ந்திருந்து, வருகிறவர் யாராக இருந்தாலும் உடனே முடித்துக்கொடுக்கிறார். அந்த ‘உடனே’ என்பதற்கான விலைதான் இடைவெளி. மண்ணடிக் கடையில் நான் கண்ணால் பார்த்ததும் இதைத்தான். காலையில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் திர்ஹமும் ரியாலும் கொண்டுவருவார்கள். மாலையில் இன்னொருவர் துபாய் கிளம்புவதற்காக அதே திர்ஹமைக் கேட்டு வருவார். நடுவில் அந்த நோட்டு எங்கள் பெட்டியில் கிடந்தது. கிடந்த நேரத்துக்கு வட்டி கிடையாது. நோட்டைப் பெட்டியில் வைத்திருந்தால் அது வெறும் காகிதம், வங்கிக் கணக்கில் இருக்கும் பணம் மாதிரி எதையும் ஈட்டாது. விலை இறங்கினால் நஷ்டம் கடைக்கு. கள்ள நோட்டா என்று பார்க்க வேண்டும், பாஸ்போர்ட் நகல் எடுக்க வேண்டும், பில் போட வேண்டும், ரிசர்வ் வங்கிக்குக் கணக்கு அனுப்ப வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் இடைவெளி.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான பாடம், விலையை நகர்த்துவது வேறு, இடைவெளியை அகலமாக்குவது வேறு என்பது. ஒரு நாள் ரிங்கிட் அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டது. நான் வாங்கும் விலையை மட்டும் இறக்கி எழுதப் போனேன். கடை முதலாளி தடுத்தார்.

“தம்பி, ரெண்டு ரேட்டையும் சேத்து இறக்கு. நடுவுல கை வைக்காதே.”

“வாங்குறதை மட்டும் கொறைச்சா போதாதா பாய்? இனிமே சரக்கு சேராதே.”

“சேராது. ஆனா இருக்கிறது எப்படிப் போகும்? விக்கிற ரேட்டும் இறங்கினாத்தான் அடுத்த கடைக்குப் போறவன் இங்க நிப்பான்.”

சரக்கு அதிகமானால் இரண்டு விலையும் இறங்கும். சரக்கு தீர்ந்துகொண்டு வந்தால் இரண்டும் ஏறும். நடு இடைவெளியைத் தொடாமல் பார்த்துக்கொண்டதற்குக் காரணம் அந்த ‘அடுத்த கடை’. பத்தடி தள்ளி இன்னொரு பலகை இருந்தது. வாடிக்கையாளர் இரண்டு பலகையையும் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருவார். விமான நிலையத்துக்கு வரும்போது இந்த ‘அடுத்த கடை’யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

இப்போது ஒரு பயணத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நடு விலை 85. நகரத்துக் கடை 84.40-க்கு வாங்குகிறது, 85.60-க்கு விற்கிறது. விமான நிலையக் கவுண்டர் 79.50-க்கு வாங்குகிறது, 90.50-க்கு விற்கிறது. இடைவெளியை நடு விலையால் வகுத்தால் சதவீதம் கிடைக்கும். நகரத்துக் கடையில் 1.20 ரூபாய், அதாவது சுமார் 1.4 சதவீதம். விமான நிலையத்தில் 11 ரூபாய், சுமார் 13 சதவீதம். ஒரு தடவை மட்டும் மாற்றினால் இதில் பாதிதான் உங்கள் செலவு, ஏனென்றால் நீங்கள் நடுவிலிருந்து ஒரு பக்கம்தான் தள்ளப்படுகிறீர்கள். மீதியைத் திருப்பி மாற்றும்போது அடுத்த பாதியும் வந்து சேரும்.

ஒருவர் 500 டாலர் வாங்கிக்கொண்டு போகிறார். திரும்பி வரும்போது 120 டாலர் மிச்சம். நடு விலையில் 500 டாலர் 42,500 ரூபாய். நகரத்துக் கடையில் அவர் 42,800 கொடுப்பார், 300 ரூபாய் அதிகம். விமான நிலையத்தில் 45,250 கொடுப்பார், 2,750 ரூபாய் அதிகம். திரும்பி வந்து 120 டாலரைக் கொடுக்கும்போது நடு விலையில் 10,200 ரூபாய் கிடைக்க வேண்டும். நகரத்துக் கடை 10,128 தரும். விமான நிலையம் 9,540 தரும். போக வர மொத்தச் செலவு நகரத்தில் 372 ரூபாய், விமான நிலையத்தில் 3,410 ரூபாய். மாற்றியதும் ஒரே டாலர், செய்யப்பட்டதும் ஒரே வேலை.

இதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாணயமாற்றில் முழுத் தொகைக்கும் 18 சதவீதம் போடுவதில்லை. பெரும்பாலான கடைகள் பின்பற்றும் முறைப்படி, ஒரு லட்சம் ரூபாய் வரைக்கும் தொகையில் ஒரு சதவீதம்தான் சேவையின் மதிப்பு. அந்த ஒரு சதவீதத்துக்கு 18 சதவீதம் வரி. 45,250 ரூபாய்க்கு அது 81 ரூபாய் 45 காசு. ஆனால் சேவையின் மதிப்பு 250 ரூபாய்க்குக் கீழே போகக் கூடாது என்று விதி இருப்பதால், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும் வரி குறைந்தது 45 ரூபாய். இருபது டாலரை மாற்றப் போகிறவருக்கு அந்த 45 ரூபாய் உறுத்தும். ஐந்நூறு டாலர் மாற்றுகிறவர் கவலைப்பட வேண்டியது வரியைப் பற்றி அல்ல, இடைவெளியைப் பற்றி. பில்லில் வரி தனி வரியாகத் தெரிகிறது. இடைவெளிக்கு என்று தனி வரி எந்தப் பில்லிலும் கிடையாது. ‘கமிஷன் இல்லை’ என்று பெரிதாக எழுதிவைத்திருக்கும் கவுண்டர் பொய் சொல்லவில்லை. கமிஷன் என்று தனியாக எதையும் எடுப்பதில்லை, உண்மைதான். எடுக்க வேண்டியதை விலைக்குள்ளேயே எடுத்தாகிவிட்டது.

சரி, விமான நிலையத்தில் ஏன் அகலம்? நியாயமான காரணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவையும் இருக்கின்றன.

ஒன்று, இரவு. நம் ஊரிலிருந்து சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகும் விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகின்றன. இந்திய வங்கிகளுக்கு இடையிலான ரூபாய்-டாலர் சந்தையோ காலை ஒன்பது மணிக்குத் திறந்து பிற்பகல் மூன்றரைக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு விற்ற டாலரை ஈடுகட்ட வேண்டுமானால் மறுநாள் காலை வரை காத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை என்றால் திங்கள்கிழமை வரை. நடுவில் ரூபாய் சரிந்தால் நஷ்டம். அதற்குக் கொஞ்சம் மெத்தை வைத்துத்தான் விலை போடுவார்கள். ஆனால் ரூபாய்-டாலர் ஒரே நாளில் ஒரு சதவீதத்துக்கு மேல் நகர்வது அபூர்வம். ஒரு சதவீதம் என்றால் 85 காசு. மெத்தையின் தடிமன் அவ்வளவு இருந்தால் போதும்.

இரண்டாவது, சிறு தொகை. இதைப் பலர் யோசிப்பதில்லை. பாஸ்போர்ட் பார்த்து, படிவம் நிரப்பி, பில் போட்டு, எண்ணிக் கொடுக்கும் வேலை ஐம்பது டாலருக்கும் ஆயிரம் டாலருக்கும் ஒன்றேதான். அந்த வேலைக்கு 150 ரூபாய் ஆகிறது என்று கொண்டால், ஐம்பது டாலரில் அது டாலருக்கு 3 ரூபாய். ஆயிரம் டாலரில் 15 காசு. விமான நிலையத்தில் டாக்ஸிக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் மாற்றுகிறவர்கள் நிறைய வருவார்கள், அதனால் சராசரித் தொகை சிறியது. இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் போட வேண்டும், அதிகாலை மூன்று மணிக்கு யாரும் வராவிட்டாலும். ஆகவே ஐம்பது டாலர் மாற்றுகிறவரிடம் அகலமான இடைவெளி எடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பலகையில் இருப்பது ஒரே விலை. ஆயிரம் டாலர் மாற்றுகிறவரும் ஐம்பது டாலர்காரருக்கான விலையைத்தான் கொடுக்கிறார். அவருக்கு இந்தக் காரணம் பொருந்தவே பொருந்தாது.

இரவு மெத்தையையும் ஷிப்ட் சம்பளத்தையும் நகரத்துக் கடையின் வழக்கமான லாபத்தையும் தாராளமாகக் கூட்டினாலும், பெரிய தொகை மாற்றுகிறவரிடம் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் என்னால் காரணம் காட்ட முடியவில்லை. நம் உதாரணத்தில் ஒரு பக்கம் ஐந்தரை ரூபாய். மீதி மூன்றரை எங்கே போகிறது?

கவுண்டரில் இருப்பவரைக் கேட்டால் “வாடகை சார்” என்பார். அது உண்மை. விமான நிலையத்தில் இடம் டெண்டர் மூலம் போகிறது. பொதுவாக ஒப்பந்தம் இப்படி இருக்கும்: வருடத்துக்கு இவ்வளவு என்று குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை ஒன்று, வியாபாரத்தில் இத்தனை சதவீதம் என்று பங்கு ஒன்று, இரண்டில் எது அதிகமோ அதை விமான நிலையத்துக்குக் கொடுக்க வேண்டும். அதிகம் தருவதாக எழுதிக்கொடுக்கும் நிறுவனத்துக்குத்தான் இடம்.

வாடகை அதிகம், அதனால் விலை அதிகம் என்று இதைப் படிப்பது எளிது. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1817-இல் விவசாய நிலத்தைப் பற்றி ஒரு வாதத்தை வைத்தார். நிலத்துக்குக் குத்தகை அதிகம் என்பதால் தானியம் விலை ஏறவில்லை, தானியம் விலை ஏறியிருப்பதால்தான் நிலத்துக்கு அவ்வளவு குத்தகை கொடுக்க ஆள் வருகிறார்கள் என்றார். விமான நிலையக் கவுண்டருக்கு அது அப்படியே பொருந்துகிறது. டெண்டர் எழுதும் நிறுவனம் முதலில் என்ன கணக்குப் போடும்? இந்த இடத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு அகலமான இடைவெளி வைக்க முடியும், அதற்கு எத்தனை பேர் கொடுப்பார்கள் என்றுதான். அந்த வருமானத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் வாடகையை எழுதும். நாளைக்கே விமான நிலையம் உத்தரவாதத் தொகையைப் பாதியாகக் குறைத்தாலும், போர்டிங் பாஸோடு நிற்கும் பயணிக்கு வேறு கடை இல்லை என்பது மாறாது. விலையும் இறங்காது. மிச்சமானது நிறுவனத்தின் லாபத்தில் போய்ச் சேரும்.

இதில் ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். பங்கு என்பது லாபத்தில் இல்லாமல் மொத்த வியாபாரத்தில் கணக்கிடப்பட்டால், அது ஒவ்வொரு டாலரின் மேலும் ஏறும் செலவு. நூற்றுக்கு மூன்று என்று ஒப்பந்தம் இருந்தால், 90 ரூபாய்க்கு விற்கும் ஒவ்வொரு டாலரிலும் 2 ரூபாய் 70 காசு விமான நிலையத்துக்குப் போகும். அந்த நிலையில் கடைக்காரர் நினைத்தாலும் மண்ணடி விலைக்கு விற்க முடியாது. விற்றால் ஒவ்வொரு டாலரிலும் நஷ்டம். உத்தரவாதத் தொகை விலையை ஏற்றுவதில்லை, வியாபாரப் பங்கு ஏற்றுகிறது. ‘வாடகை’ என்ற ஒரே பெயரில் இரண்டும் அடங்கிவிடுவதால் இந்த வித்தியாசம் வெளியே தெரிவதில்லை.

இந்தப் பணம் கடைசியில் யாருக்குப் போகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. விமானம் இறங்குவதற்கும் பயணிகள் கட்டிடத்துக்கும் வாங்கும் கட்டணங்கள் ஒரு வகை வருமானம். கடை, விளம்பரம், பார்க்கிங், நாணயமாற்று இவற்றிலிருந்து வருவது இன்னொரு வகை. 2016-ஆம் ஆண்டின் தேசிய விமானப் போக்குவரத்துக் கொள்கைப்படி, இந்த இரண்டாவது வகை வருமானத்தில் 30 சதவீதத்தை எடுத்து முதல் வகைக் கட்டணங்களைக் குறைக்கப் பயன்படுத்த வேண்டும். ஆகவே கவுண்டரில் கூடுதலாகக் கொடுப்பவரின் பணத்தில் ஒரு சிறு பகுதி, எல்லாப் பயணிகளின் டிக்கெட்டிலும் கொஞ்சம் குறைவாக வந்து சேருகிறது. விஷயம் தெரிந்த பயணிக்கு, தெரியாத பயணி கொடுக்கிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. கடைசி நேரத்தில் கவுண்டரில் மாற்றுகிறவர்களில் முதல் தடவை வெளிநாடு போகிறவர்களும், மகனைப் பார்க்கப் போகும் வயதான பெற்றோரும் அதிகம்.

விலையைத் தீர்மானிப்பது செலவு இல்லை, வேறு கடை இல்லாத நிலைதான் என்பதற்கு என்னிடம் ஒரு நல்ல சான்று உண்டு. பிரிட்டன் விமான நிலையங்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. வீட்டிலிருந்தே இணையத்தில் பதிவு செய்துவிட்டு, விமான நிலையக் கவுண்டரில் போய் நோட்டை வாங்கிக்கொள்ளலாம். அப்படிப் பதிவு செய்தவருக்குக் கிடைக்கும் விலை, நேராகக் கவுண்டரில் போய் நிற்பவருக்குக் கிடைப்பதைவிட நல்ல விலை. ஒரே கவுண்டர், ஒரே ஊழியர், ஒரே பெட்டியிலிருந்து எடுத்த நோட்டு, ஒரே வாடகை. மாறியது ஒன்றுதான். வீட்டில் உட்கார்ந்து பதிவு செய்தவருக்கு முன்னால் வேறு பத்து கடைகளின் விலை இருந்தது. இந்தியாவிலும் இணையத்தில் முன்பதிவு செய்து வாங்கும் வசதி தரும் மணி சேஞ்சர்கள் இருக்கிறார்கள். கிளம்புவதற்கு முதல் நாள் அதைப் பார்த்துவிடுவது நல்லது.

இதற்கு நேர் எதிரான இடம் சிங்கப்பூரில் இருந்தது. ராஃபிள்ஸ் பிளேஸுக்கும் காலியர் கீக்கும் நடுவே சேஞ்ச் ஆலி என்று ஒரு குறுகிய சந்து. 1989 வரை அது இருந்தது. வரிசையாக மணி சேஞ்சர்கள், அவர்களில் பலர் இங்கிருந்து போன தமிழ் முஸ்லிம்கள். இரண்டு ஆள் ஒட்டி நடக்கும் அகலத்தில் அத்தனை பேர் ஒரே சரக்கை விற்றால், யாராலும் இடைவெளியை அகலமாக வைக்க முடியாது. நடந்துகொண்டே விலை கேட்டுவிட்டுப் போகலாம். அந்தத் தொழில் இன்றும் சிங்கப்பூரில் அப்படித்தான், பக்கத்துப் பக்கத்துக் கடைகளாக நடக்கிறது. என் முதலாளியின் உறவினர்களும் அங்கே கடை வைத்திருந்தார்கள். இடைவெளி குறுகியிருந்தாலும் ஒரு நாளில் பெட்டி பல தடவை காலியாகி நிரம்பும், லாபம் அதில்தான் என்று அவர் சொல்வார்.

விமான நிலையத்திலும் இரண்டு மூன்று கவுண்டர்கள் கண்ணில் படும். போட்டி இருக்கிறதே என்று தோன்றும். பெயர்ப் பலகையைப் பாருங்கள். ஒரே நிறுவனம் பல இடங்களில் கவுண்டர் வைத்திருப்பது சாதாரணம். குடியேற்றச் சோதனைக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று வைத்திருந்தால், பின்னால் இருப்பதன் விலை இன்னும் அகலமாக இருக்கலாம். அங்கே போன பிறகு திரும்பி வெளியே வர வழியில்லை. இந்தியாவிலிருந்து கிளம்பும் வெளிநாட்டுப் பயணியின் நிலை இன்னும் மோசம். அவர் கையில் மிஞ்சிய ரூபாயை அவர் ஊரில் மாற்றுவது கடினம். மாற்றினாலும் விலை மிகக் குறைவாக இருக்கும். ஆகவே அந்தக் கடைசிக் கவுண்டர் சொல்வதுதான் அவருக்கு விலை.

பலகையைப் பார்த்தே இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியுமா? முடியும். நாணயமாற்று உரிமம் பெற்றவர்கள் அன்றன்றைய வாங்கும் விலை, விற்கும் விலை இரண்டையும் கவுண்டர் அருகே தெரியும்படி வைக்க வேண்டும், காலை பத்தரை மணிக்குள் புதுப்பிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. விலை எவ்வளவு இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி நிர்ணயிப்பதில்லை. சந்தை நிலவரத்தை ஒட்டியிருக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆகவே பலகையைப் படிக்க வேண்டிய வேலை நம்முடையது.

இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுங்கள். நம் உதாரணத்தில் 79.50-ம் 90.50-ம் சேர்ந்தால் 170, பாதி 85. போனில் இருக்கும் விலையும் 85. அப்படியானால் இந்தக் கவுண்டர் இரண்டு பக்கமும் சமமாக எடுக்கிறது. ஆனால் பல பலகைகள் இப்படிச் சமமாக இருக்காது. வாங்குவது 82, விற்பது 91 என்று ஒரு பலகை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 9 ரூபாய், முந்தையதைவிடக் குறைவு. நல்ல கவுண்டர் போலத் தோன்றும். பாதி போட்டுப் பாருங்கள், 86.50 வருகிறது. நடுப்புள்ளியே மேலே ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. டாலர் வாங்கப் போகும் உங்களுக்கு முந்தைய கவுண்டரைவிட இது 50 காசு மோசம். புறப்பாட்டுப் பக்கத்தில் வருகிறவர்கள் பெரும்பாலும் டாலர் வாங்குகிறவர்கள் என்பதால் விற்கும் விலையை ஏற்றிவைப்பார்கள். வருகைப் பக்கத்தில் அதற்கு எதிராக, வாங்கும் விலையை இறக்கிவைப்பார்கள். ஆகவே இடைவெளியின் மொத்த அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. உங்களுக்கான பத்திக்கும் போனில் இருக்கும் விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதைப் பாருங்கள். அதை நடு விலையால் வகுத்தால் உங்கள் செலவு சதவீதத்தில் வந்துவிடும்.

விற்கும் விலை மட்டும் எழுதி, வாங்கும் விலையைக் காட்டாத பலகையைப் பார்த்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு விலையை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் இடைவெளியைக் கணக்குப் போட முடியாது. “இதையே திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?” என்று கேளுங்கள். பதிலில் விஷயம் வெளியே வந்துவிடும். அதோடு “500 டாலர் என் கைக்கு வர, எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய்?” என்று ஒரே எண்ணாகக் கேளுங்கள். வரி, சேவைக் கட்டணம் எல்லாம் அதற்குள் வந்துவிடும், ஒப்பிடுவது எளிது. தொகை பெரிதென்றால் பேரம் பேசலாம். பலகை விலையிலிருந்து இறங்க ஊழியருக்கு ஓரளவு அனுமதி இருப்பதுண்டு. கேட்பவருக்கு மட்டும் அது கிடைக்கும்.

டாலர், யூரோ, சிங்கப்பூர் டாலர், திர்ஹம் போன்றவற்றுக்குத்தான் இந்தக் கணக்கு ஓரளவு சீராக இருக்கும். வரத்தும் போக்கும் குறைவான நாணயங்களில் நகரத்துக் கடையிலேயே இடைவெளி அகலம்தான். ஒருமுறை வாங்கிய நோட்டு விற்பதற்கு மாதக்கணக்கில் பெட்டியில் கிடக்கலாம் என்பதால் அதில் நியாயம் உண்டு. ஒரு டாலர், ஐந்து டாலர் போன்ற சிறு நோட்டுகளுக்கும் பல கடைகள் குறைந்த விலை தரும். எண்ணும் வேலை அதிகம், கேட்டு வருகிறவர்கள் குறைவு. சில்லறைக் காசுகளை யாரும் வாங்குவதில்லை.

இப்படியெல்லாம் சொன்னாலும், விமான நிலையக் கவுண்டரில் மாற்றவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஐம்பது டாலரை அங்கே வாங்கினால், நம் உதாரணத்தில் நடு விலையைவிட 275 ரூபாய் அதிகம். புது ஊரில் இரவு பன்னிரண்டு மணிக்கு இறங்கி டாக்ஸிக்குக் கையில் நோட்டு இல்லாமல் நிற்பதைவிட அந்த 275 ரூபாய் பெரிதல்ல. மீதித் தேவைக்கு நகரத்திலேயே வாங்கிக்கொள்ளலாம், அல்லது அட்டையைப் பயன்படுத்தலாம். அட்டைக்கும் வங்கி இரண்டு முதல் மூன்றரை சதவீதம் வரை சேர்ப்பதுண்டு, எனவே அது இலவசம் இல்லை. ஆனால் விமான நிலையக் கவுண்டர் ஒரு பக்கத்துக்கு எடுக்கும் ஆறரை சதவீதத்தோடு ஒப்பிட்டால் பாதிதான். வெளிநாட்டு ஏடிஎம்மிலோ கடையிலோ “ரூபாயில் எடுத்துக்கொள்ளட்டுமா?” என்று திரையில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர் நாணயத்திலேயே எடுங்கள். ரூபாய் என்று தேர்ந்தெடுத்தால் விலை போடுகிறவர் அந்த இயந்திரத்துக்காரர், அங்கேயும் ஓர் அகலமான இடைவெளி காத்திருக்கும்.

நான் கண்டிப்பாகச் செய்ய வேண்டாம் என்று சொல்வது ஒன்றுதான்: ஊர் திரும்பியதும் வருகைப் பகுதியில் மிச்ச டாலரைக் கொடுத்து ரூபாயாக்குவது. அங்கே அவசரம் எதுவும் இல்லை. வீட்டுக்குப் போக ரூபாய் ஏடிஎம்மில் கிடைக்கும், போனில் பணம் கொடுத்தும் போய்விடலாம். சட்டமும் அவசரப்படுத்துவதில்லை. செலவாகாத வெளிநாட்டுப் பணத்தைத் திரும்பி வந்த 180 நாட்களுக்குள் ஒப்படைத்தால் போதும். அதிலும் 2,000 டாலர் மதிப்புவரை நோட்டாகவே காலவரையின்றி நீங்கள் வைத்துக்கொள்ளலாம். நம் உதாரணப் பயணியின் 120 டாலர் இந்த வரம்புக்குள் வந்துவிடுகிறது. அவர் அடுத்த பயணம் வரை அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், அல்லது வெளிநாடு கிளம்பும் இன்னொரு சொந்தக்காரர் வந்து கேட்கும்போது, அவரையும் கூட்டிக்கொண்டு நகரத்துக் கடைக்குப் போய் 84.40-க்கு விற்கலாம். வருகைப் பகுதியில் விற்பதைவிட 588 ரூபாய் அதிகம் கிடைக்கும்.